முதலில் கிலோமீற்றரைப் பிரி, பிறகு காசைப் பார்

எங்கள் வீட்டில் கார் வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வரும். "கொழும்புக்குப் போறியாமே, ஒரு சீற் இருக்குமோ?" இருக்கும். பிரச்சினை சீற்றில் இல்லை, திரும்பி வந்து இறங்கும்போது வருவதில்தான். "எவ்வளவு தர வேணும்?" என்று அவர்கள் கேட்பார்கள். நான் தலையைச் சொறிந்து ஒரு தொகையைச் சொல்வேன். அது அவர்களுக்குக் கூடவாகத் தெரியும், எனக்குக் குறைவாகத் தெரியும்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரை ஏற்றிப்போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அவருக்காகவே போனேன். வழியில் சிலாபத்தில் அவர்கள் பெற்றோல் அடித்துத் தந்தார்கள். போன தூரத்துக்கு அது சரியாக இருந்தது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது, படம் எடுத்து, கை காட்டி எல்லாம் முடிந்தது. பிறகு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வெறும் காரை ஓட்டிக்கொண்டு தனியே திரும்பினேன். அனுராதபுரத்தில் நின்று என் காசில் பெற்றோல் அடித்தபோதுதான் உறைத்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. திரும்பி வரும் தூரம் என்று ஒன்று இருப்பதை அவர்களும் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சின்னக் கொப்பி வைத்துக் கணக்கு எழுதத் தொடங்கினேன். போன தடவை நடந்த பயணத்தின் கணக்கை அப்படியே சொல்கிறேன். அதில் எல்லாச் சிக்கலும் ஒன்றாக வந்தன.

எனக்குக் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் பத்திரம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கண் கிளினிக், மாமியும் கூட வருவதாக இருந்தது. வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். அவன் வெளிநாடு போகிறான், திரும்பி வரமாட்டான். ஆக, மூன்று பேர் போய்த் திரும்புகிறோம், ஒருவன் நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறான்.

இந்த இடத்தில்தான் வழக்கமாகப் பிழை நடக்கும். மொத்தச் செலவைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். நாலு பேர், நாலால் வகு. அப்படிச் செய்தால் அந்தப் பெடியன் 3,600 ரூபாவுக்கு மேல் தர வேண்டி வந்திருக்கும். அவன் இருந்ததோ மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். மறுபக்கம், "அவன் சின்னப் பெடியன், ஒரு ஐந்நூறு வாங்கினால் போதும்" என்று மாமி சொன்னதும் கணக்கில்லை. அவன் பங்கில் விட்டதை மாமாவும் நானும் சுமக்க வேண்டும்.

நான் செய்வது இது. காசைத் தொடாமல் முதலில் கிலோமீற்றரைப் பிரிப்பேன். பயணத்தை ஆட்கள் மாறும் இடங்களில் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் அந்தத் துண்டில் காருக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அதற்கு மீற்றரில் பார்த்து எழுதினால் போதும். கிளிநொச்சியிலிருந்து வவுனியா 78 கிலோமீற்றர், மூன்று பேர், ஆளுக்கு 26. வவுனியாவிலிருந்து அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக விமான நிலையம் 232, நாலு பேர், ஆளுக்கு 58. அங்கிருந்து ஆசுப்பத்திரி வரை 36, கொழும்புக்குள் அங்கும் இங்கும் ஓடியது 16. இரண்டும் சேர்ந்து 52, மூன்று பேர், ஆளுக்குப் பதினேழரைக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வந்தது 338, மூன்று பேர், ஆளுக்கு 113க்குச் சற்றுக் குறைவு.

கூட்டினால் போய்த் திரும்பிய ஒவ்வொருவருக்கும் 214 கிலோமீற்றர் பங்கு வருகிறது. பெடியனுக்கு 58. சரிபார்ப்பது எளிது: மூன்று 214ம் ஒரு 58ம் கூட்டினால் 700. மீற்றரில் மொத்தமாக ஓடியதும் 700. இந்த இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு துண்டை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். பெரும்பாலும் நகரத்துக்குள் ஓடியதுதான் விடுபடும்.

போகும்போது 346, வரும்போது 338 என்று எட்டுக் கிலோமீற்றர் வித்தியாசம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விமான நிலையத்துக்குள் போய்வந்த சுற்று அது. முழுதாகப் பார்த்தால் அது பெடியனின் தலையில் விழ வேண்டியது. பத்துக் கிலோமீற்றருக்குள் வரும் சுற்றை நான் தனியாகப் பிரிப்பதில்லை. அதற்கு மேல் என்றால் பிரிப்பேன்.

இந்தப் பங்குக் கிலோமீற்றரைப் புறப்படுவதற்கு முன்பே எழுதிவிடலாம், ஏனென்றால் தூரம் முன்கூட்டியே தெரியும். தெரியாதது ஒன்றுதான்: ஒரு கிலோமீற்றருக்கு என்ன செலவு.

இதற்குக் காரின் மைலேஜ் வேண்டும். எங்கள் ஆட்கள் சொல்லும் மைலேஜை நான் நம்புவதில்லை. "என்ர கார் லீற்றருக்கு இருபது குடுக்கும்" என்று சொல்லாதவர் இல்லை. டாஷ்போர்டில் காட்டும் எண்ணும் என் காரில் எப்போதும் ஒன்று ஒன்றரை கூடவாகத்தான் காட்டுகிறது. நம்பக்கூடியது ஒரு முறைதான். புறப்படும் அன்று தாங்கியை நிரப்பு, பம்ப் தானாக ஒருதரம் வெட்டியதும் நிறுத்து. மீற்றரை எழுது. வழியில் அடிக்கும் ஒவ்வொரு லீற்றரையும் எழுது. திரும்பி வந்ததும் அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி அதே மாதிரி ஒருதரம் வெட்டும் வரை நிரப்பு. இடையில் அடித்ததும் கடைசியில் அடித்ததும் சேர்ந்ததுதான் பயணத்தில் எரிந்தது.

இதில் பலர் தடுமாறுவது, முதலில் நிரப்பியதையும் செலவில் சேர்ப்பது. நானும் ஒருதரம் சேர்த்தேன். அது பழைய ஓட்டத்துக்கான பெற்றோல், இந்தப் பயணத்துடையது இல்லை. அதைச் சேர்த்தால் முந்தின வாரம் நான் சந்தைக்கும் வேலைக்கும் ஓடிய செலவை மாமா கட்டுகிறார் என்றாகிவிடும். இன்னொன்று, பம்ப் வெட்டிய பிறகு குலுக்கிக் குலுக்கி வாய்வரை நிரப்பக்கூடாது. ஒருதரம் வாய்வரையும் அடுத்ததரம் வெட்டும் வரையும் நிரப்பினால் ஒன்றிரண்டு லீற்றர் பிழைக்கும். அது காருக்கும் நல்லதில்லை.

எங்கள் பயணத்தில் திரும்பும்போது சிலாபத்தில் 22 லீற்றர் அடித்தேன். கிளிநொச்சி வந்து நிரப்பியபோது 26.6 லீற்றர் போனது. மொத்தம் 48.6. 700ஐ அதால் வகுத்தால் லீற்றருக்கு 14.4 கிலோமீற்றர். என்னுடையது பழைய அக்சியோ, 1500 சிசி, நீள ஓட்டத்தில் இதுதான் தரும். ஊருக்குள் ஓடினால் பதினொன்றைத் தாண்டாது. ஆகவே ஊருக்குள் ஓடும் மைலேஜை வைத்துக் கொழும்புப் பயணத்தைக் கணக்குப் பார்த்தால் கூட வாங்கிவிடுவோம், நீள ஓட்டத்து மைலேஜை வைத்து ஊர் ஓட்டத்தைப் பார்த்தால் நட்டப்படுவோம்.

பெற்றோல் 92 அந்த மாதம் லீற்றர் 299 ரூபா. விலையை மனதில் வைத்துக் கணக்குப் பார்க்காமல் பில்லை வைத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் நாட்டில் மாதக் கடைசியில் விலை மாறும். 30ஆம் திகதி போய் 2ஆம் திகதி திரும்பினால் இரண்டு விலை. 2022 ஜூனில் லீற்றர் 470 வரை போனதை யாரும் மறந்திருக்க முடியாது, அதனால் பழைய விலையை நினைவிலிருந்து சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இரண்டு பில்லையும் கூட்ட 14,531 ரூபா. எழுநூறால் வகுத்தால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 20 ரூபா 75 சதம்.

இனி மிச்சம் ஒரு பெருக்கல்தான். 214 தரம் 20.75 என்றால் 4,440. போய்த் திரும்பிய ஒவ்வொருவரின் பெற்றோல் பங்கு அது. பெடியனின் 58க்கு 1,203.

ஆனால் பெடியன் கட்டுநாயக்காவில் இறங்கும்போது இந்த 20.75 எனக்குத் தெரியாதே! இன்னும் பாதிக்கு மேல் ஓட வேண்டும். இப்படி நடுவில் இறங்குபவர்களுக்கு, முந்தின நீளப் பயணத்தில் வந்த மைலேஜை எடுக்கிறேன். அது 14. பெற்றோல் விலை 299ஐப் பதினாலால் வகுத்தால் கிலோமீற்றருக்கு 21 ரூபா 36 சதம், 58க்கு ஏறக்குறைய 1,240. விமான நிலையத்துக்குள் நிறுத்திய காசு 300 அவனுடையது. மொத்தம் 1,540 வந்தது, 1,500 வாங்கினேன். உண்மைக் கணக்கும் கடைசியில் 1,503 என்றுதான் வந்தது. "அண்ணை, பஸ்ஸில வந்தாலும் இந்தப் பெட்டியோட கஷ்டப்பட்டிருப்பன்" என்றான். அவன் பெட்டி டிக்கியில் பாதியைப் பிடித்தது வேறு கதை. பெட்டிக்கு நான் பங்கு போடுவதில்லை.

ஹைவே காசும் பார்க்கிங் காசும் பெற்றோல் போல இல்லை. அவற்றைக் கிலோமீற்றரோடு கலந்தால் குழம்பும். ஏ9 வீதியில் ஒரு இடத்திலும் காசு கட்ட வேண்டியதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு அதிவேகப் பாதையில் ஏறினால்தான் செலவு. ஏறும்போது ரிக்கற், இறங்கும்போது காசு, அதுவும் வாகனத்துக்குத்தானே தவிர ஆளுக்கில்லை. போக 300, வர 300 கொடுத்தோம். பெடியன் அதற்கு முன்பே இறங்கிவிட்டான், ஆகவே மூன்று பேர், ஆளுக்கு 200. அவனிடமும் கேட்டிருந்தால் பிழை. பாதையில் ஏறியவர் மட்டும் கட்ட வேண்டும்.

பார்க்கிங்கை யாருடைய வேலைக்காகக் கார் நின்றதோ அவரிடம் போடுவேன். ஆசுப்பத்திரிக்குப் பக்கத்தில் தனியார் இடமொன்றில் மணிக்கு 100 ரூபாப்படி ஐந்து மணித்தியாலம் நின்றது, 500. அது மாமாவுடையது. என் பத்திர அலுவலுக்கு ஒரு மணித்தியாலம், 100, என்னுடையது. இரவு வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டு ஒழுங்கையில் நிறுத்தினோம், காசில்லை. கொழும்பில் பார்க்கிங் சின்னச் செலவு என்று நினைத்தால் நாலு இடத்தில் நின்று பாருங்கள். துண்டைத் தந்தால் வாங்கிக் கொப்பிக்குள் வையுங்கள். தராவிட்டால் அந்த இடத்திலேயே எழுதுங்கள், மாலையில் நினைவிருக்காது.

முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்த காசும், வாங்கிய கச்சானும் கணக்கில் வராது. அதைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

இனி ஆள் கணக்கில் இரண்டு வழக்குகள்.

முதலாவது மாமி எழுப்பியது. "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வீடுதானே, ஒரு பங்கு போடன் தம்பி." மாமி சொல்வது விளையாட்டாக இருந்தாலும் இதுதான் பல இடத்தில் மனக்கசப்பாகிறது. நான் வீட்டை எண்ணுவதில்லை, இருக்கையை எண்ணுகிறேன். மாமி வராவிட்டால் அந்த இருக்கையில் இன்னொருவர் வந்து பங்கு கட்டியிருப்பார். மடியில் இருக்கும் குழந்தையை எண்ண மாட்டேன்.

இரண்டாவது, ஓட்டுபவரை எண்ணுவதா? இதில் ஊரில் இரண்டு பழக்கம் உண்டு. கார்க்காரன் காரையும் தந்து, நித்திரையையும் விட்டு ஓட்டுகிறான், அவனிடம் பெற்றோல் காசு எடுப்பதா என்பார்கள் சிலர். எனக்கு அங்கே என் வேலை இருந்தால் நானும் ஒரு பங்கு. இந்தப் பயணத்தில் இருந்தது, ஆகவே கட்டினேன். மற்றவருக்காக மட்டும் போனால் நான் பங்கில் இல்லை, திரும்பி வரும் வெறும் ஓட்டமும் அவர்களுடையது. முன்பு சொன்ன கட்டுநாயக்காப் பயணத்தில் இந்த இரண்டையும் நான் சொல்லாமல் விட்டேன். இப்போது ஏற்றுவதற்கு முன்பே சொல்கிறேன்: "நான் உங்களுக்காக மட்டும் வாறன், போக வர ரெண்டுக்கும் பெற்றோல் உங்கட." சிலர் பஸ்ஸில் போகிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

மாமாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. தொண்ணூறுகளில், வன்னிக்குப் பெற்றோல் வரத்து இல்லாத காலத்தில், அவர் ஒரு பழைய ஏ40 கார் வைத்து ஹயர் ஓடியவர். மண்ணெண்ணெயில்தான் கார் ஓடும். ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேட்டருக்குள் சில சொட்டு விட வேண்டும். "அப்ப மைலேஜ் எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி, எத்தினை தரம் காரை நிப்பாட்டினன் எண்டதுதான் கணக்கு" என்றார். நிறுத்தினால் மறுபடி பெற்றோல் சொட்டு வேண்டும், ஆகவே ஆளை இறக்கும்போதுகூட எஞ்சினை நிறுத்தமாட்டாராம். புளியங்குளம் தாண்டும் வரை இதே கதைதான்.

அதே மாமாதான் ஆசுப்பத்திரி வாசலில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு வந்து, வெயில் தாங்காமல், ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்தார். நின்றபடி ஏசியோடு ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும். அதைத் தனியே பிரிக்கவில்லை. ஆனால் மீற்றர் நகராமல் பெற்றோல் குறைகிறது என்பதால் மைலேஜ் கொஞ்சம் விழும், அது எல்லோர் பங்கிலும் பரவும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மைலேஜை ஒவ்வொரு தடவையும் எழுதியதில் வேறு ஒரு இலாபமும் கிடைத்தது. ஒருமுறை திடீரென்று 14லிருந்து 11.5க்கு விழுந்தது. அதே பாதை, அதே ஆட்கள். காற்று சரி. மாங்குளத்தில் நிறுத்தி இறங்கியபோது முன் இடது சில்லிலிருந்து கருகிய மணம், கிட்டக் கையைக் கொண்டுபோனாலே சூடு. மற்ற மூன்றும் அப்படி இல்லை. பிரேக் விடாமல் பிடித்தபடி இருந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் கூட எரிந்த பெற்றோலை நான் மற்றவர்களிடம் வாங்கவில்லை. காரின் பழுது காரின் செலவு. வழக்கமான 14ஐ வைத்துத்தான் பங்கு போட்டேன்.

அப்புறம், தேய்மானம். என் காருக்கு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருதரம் ஒயில் மாற்ற, பில்டரோடு பதினையாயிரம் ரூபா வரும். அது கிலோமீற்றருக்கு மூன்று ரூபா. நாலு ரயரும் மாற்ற ஒரு லட்சம், நாற்பதாயிரம் ஓடும் என்று வைத்தால் இரண்டரை ரூபா. ஆகப் பெற்றோலுக்கு மேல் ஐந்தரை ரூபா உண்மையில் செலவாகிறது. 700க்கு 3,850. அயலவரிடம் இதை நான் கேட்பதில்லை. மாதம் இரண்டு மூன்று தரம் வருபவர் என்றால் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ரயர் மாற்றும் நாளில் கையைப் பிசைய வேண்டி வரும். ஆனால் இந்த ஐந்தரைக்கு மேல் ஒரு சதமும் வைக்கக்கூடாது என்பதில் கறாராக இருக்கிறேன். என் காப்புறுதி சொந்தப் பாவனைக்கு எடுத்தது, ஹயர் ஓடினால் செல்லாது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. செலவைப் பங்கிடுவதும் இலாபத்துக்கு ஓடுவதும் வேறு வேறு. விபத்து என்று வந்தால் அந்த வித்தியாசத்தைத்தான் தோண்டுவார்கள்.

முற்பணம் பற்றி ஒன்று. புறப்படும் முன் மைலேஜைக் கொஞ்சம் குறைத்து, 13 என்று வைத்துக் கணக்குப் பார்ப்பேன். அப்படி மாமா வீட்டின் 428 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 9,850, ஹைவே 400, பார்க்கிங் எவ்வளவென்று தெரியாது. "பதினொண்டுக்குள்ள முடியும் மாமா" என்று சொல்லி 11,000 வாங்கிக்கொண்டேன். உண்மையில் பெற்றோலுக்கு 8,881, ஹைவேக்கு 400, பார்க்கிங்குக்கு 500 என்று 9,781தான் வந்தது. திரும்பி வந்த அன்று மாலையே கொப்பியோடு போய் 1,200 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். கூடச் சொல்லி வாங்கி மிச்சம் கொடுப்பது எளிது. குறைத்துச் சொல்லி "இன்னும் ஒரு எண்ணூறு வரும் மாமா" என்று படலையில் போய் நிற்பது எளிதில்லை, நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

மாமி காசை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, கொப்பியை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தா.

"சரி தம்பி, அப்ப வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போக எவ்வளவு வரும்?"

"எத்தினை பேர் மாமி?"

"நாங்கள் ரெண்டு, தங்கச்சி வீட்டில நாலு, நீயும்தானே."

ஏழு பேர். காரில் என்னோடு சேர்த்து ஐந்து பேர்தான் இருக்கலாம். கொப்பியை மூடிவிட்டு, சந்தியில் வான் வைத்திருப்பவரின் நம்பரைத் தேடிக் கொடுத்தேன்.